டெஸ்ட் ரைடு நோட்டீஸின் மூன்றாவது வரி

ஆயுத பூஜை நெருங்கும்போது ஊரில் உள்ள டூவீலர் ஷோரூம்கள் எல்லாம் டெஸ்ட் ரைடு முகாம் போடத் தொடங்கிவிடும். ஷாமியானா, வரிசையாக நிறுத்திய புது வண்டிகள், வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு நோட்டீஸ். அதில் பெரும்பாலும் மூன்று வரிகள்தான் இருக்கும்: எந்தத் தேதி, என்ன கொண்டுவர வேண்டும், பழைய வண்டிக்கு என்ன சலுகை. முதல் இரண்டையும் சரியாகப் படிக்கச் சில நிமிடம் போதும். மூன்றாவது வரியில்தான் பணமும், பல வருடம் துரத்தக்கூடிய சட்டப் பொறுப்பும் இருக்கின்றன.

தேதியில் இருந்து தொடங்கலாம். "அக்டோபர் 10, 11, சனி, ஞாயிறு மட்டும்" என்று நோட்டீஸ் சொன்னால், அது வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளா, சலுகை செல்லுபடியாகும் நாளா என்பது பல நோட்டீஸ்களில் தெளிவாக இருப்பதில்லை. அன்று ஓட்டிப் பார்த்து ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கட்டி புக் செய்தால் சலுகை உறுதியா, அல்லது குறிப்பிட்ட தேதிக்குள் வண்டிக்கு பில் போட்டாக வேண்டுமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கேட்ட கலர் வர மூன்று வாரம் ஆகி, அதற்குள் திட்டம் முடிந்துவிட்டால், புக் செய்த ரசீது மட்டும் கையில் நிற்கும்.

பில் தேதி எவ்வளவு முக்கியம் என்பதை 2025 செப்டம்பர் காட்டிக் கொடுத்தது. 350 சி.சி. வரையிலான பெட்ரோல் டூவீலர்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்து, அந்த மாதம் 22ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே அட்வான்ஸ் கட்டியிருந்தவர்களுக்கும், பில்லும் டெலிவரியும் அந்தத் தேதிக்குப் பிறகு என்றால் புது வரிதான். அட்வான்ஸ் கட்டிய நாள் வரியைத் தீர்மானிக்கவில்லை.

இரண்டாவது வரி ஆவணங்கள். டெஸ்ட் ரைடுக்கு உண்மையில் தேவைப்படுவது ஓட்டுநர் உரிமம் ஒன்றுதான். ஒரிஜினல் அட்டை இல்லாவிட்டால் டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டலாம். அதுவும் சட்டப்படி செல்லும். போனில் எடுத்து வைத்த போட்டோவுக்கு அந்த மதிப்பு கிடையாது. உரிமத்தில் எந்த வகை வண்டி என்று குறித்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் உரிமம் எடுத்தவர் கியர் பைக்கை டெஸ்ட் ரைடுக்கு எடுக்க முடியாது. கல்லூரிப் பையனுக்கு பைக் வாங்கப் போகும் குடும்பங்கள் அங்கே போய்த் தெரிந்துகொள்ளும் விஷயம் இது. உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், ஓட்டியவருக்கு 5,000 ரூபாய் அபராதம் விழுவதோடு, கொடுத்தவருக்கும் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஓட்டியது பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் கூடப் போகலாம். ஷோரூம்காரர் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஓட்டிப் பார்க்கும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். ரைடில் வண்டிக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பது அதில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த டெஸ்ட் வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று கேட்பதும் நியாயமே. சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் நம்பர் இருந்தால் அது டீலரின் டிரேட் சர்டிபிகேட்டில் ஓடும் வண்டி. வாங்க நினைப்பவருக்கு ஓட்டிக் காட்ட அந்தச் சான்றிதழில் அனுமதி உண்டு.

இனி எக்ஸ்சேஞ்ச். நோட்டீஸில் "எக்ஸ்சேஞ்ச் போனஸ் 5,000 ரூபாய் வரை" என்று இருக்கும். இந்தப் போனஸ் வேறு, பழைய வண்டிக்கான விலை வேறு. பழைய வண்டியின் விலையை அங்கே இருக்கும் வேல்யூவேட்டர் ஓட்டிப் பார்த்துச் சொல்வார். போனஸ் அதற்கு மேல் வருவது. விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு, குறைத்த தொகையையே போனஸ் என்ற பெயரில் திருப்பிக் கொடுக்கவும் இடம் இருக்கிறது. அதனால் போனஸ் எவ்வளவு என்பதைப் பார்த்து முடிவெடுப்பதில் பயனில்லை. கடைசியில் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதே கணக்கு.

உதாரணத்துக்கு ஒரு குடும்பம் எட்டு வருடப் பழைய ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு, ஆன்ரோடு விலை 1,15,000 ரூபாய் வரும் புது வண்டி எடுக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷோரூமில் பழைய ஸ்கூட்டருக்கு 18,000, போனஸ் 5,000, ஆக 23,000 ரூபாய் என்கிறார்கள். மீதி 92,000 கட்ட வேண்டும். அதே ஸ்கூட்டரைத் தெருமுனை மெக்கானிக் மூலம் ஒருவர் 24,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். வித்தியாசம் ஆயிரம் ரூபாய்தானே, அலைச்சல் மிச்சம் என்று ஷோரூமிலேயே கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் தள்ளுபடி உண்டா என்று கேட்டால், 3,000 ரூபாய் உண்டு, எக்ஸ்சேஞ்சோடு அது சேராது என்ற பதில் வருகிறது. இப்போது கணக்கு மாறுகிறது: 1,12,000 கட்டி, வெளியில் 24,000 வாங்கினால் நிகரச் செலவு 88,000. வித்தியாசம் 4,000 ரூபாய். ஆகவே எக்ஸ்சேஞ்சோடு ஒரு கொட்டேஷன், இல்லாமல் ஒரு கொட்டேஷன் என இரண்டையும் எழுத்தில் வாங்கி அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பழைய வண்டியைக் கழித்ததால் சாலை வரி குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வரி புது வண்டியின் முழு விலைக்குத்தான்.

அந்த 4,000 ரூபாய்க்காக வெளியில் விற்பதா என்றால், பதில் பணத்தில் மட்டும் இல்லை. வண்டி கையை விட்டுப் போன பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. 2007இல் விற்கப்பட்ட ஒரு கார் சில கைகள் மாறி, 2009இல் விபத்தில் சிக்கியது. அதுவரை யாரும் ஆர்.சி.யில் பெயர் மாற்றவில்லை. எப்போதோ விற்றுவிட்டேன் என்ற முதல் உரிமையாளரின் வாதம் எடுபடவில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது என்று தீர்ப்பானது. பாதிக்கப்பட்டவர்கள் கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய முடியாது என்பதே நீதிமன்றம் சொன்ன காரணம். ஸ்கூட்டருக்கும் இதே சட்டம்தான்.

ஷோரூமில் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது என்று நம்புவதற்கில்லை. எக்ஸ்சேஞ்சில் வந்த வண்டி ஷோரூமிலேயே இருப்பதில்லை. பெரும்பாலும் ஒரு புரோக்கர் மொத்தமாக எடுத்துப் போவார், அவரிடமிருந்து வேறு ஊருக்குப் போகும். கொடுப்பவரிடம் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். 29 என்பது விற்பவர் தரும் அறிவிப்பு, 30 என்பது பெயர் மாற்றக் கோரும் விண்ணப்பம். வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதும் இடம் காலியாகவே இருக்கும். கடைசியாக யார் வாங்குகிறாரோ அவர் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்பதற்காக அப்படி விடுகிறார்கள். அந்தக் கடைசி ஆள் கிடைக்க ஒரு வருடம் ஆகலாம். அதுவரை இ-சலான் பழைய உரிமையாளரின் போனுக்கே வரும். விபத்து நடந்தால் நோட்டீஸும் அவருக்கே. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது. பலருக்கு இப்படி ஒரு கடமை தங்களுக்கு இருப்பதே தெரியாது.

இதற்கு ஒரு வழியை மத்திய அரசு 2022 டிசம்பரில் விதியாகக் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் அதன்படி அங்கீகாரம் பெற வேண்டும். அங்கீகாரம் உள்ள டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, படிவம் 29சி மூலம் பரிவாஹன் தளத்தில் அந்த ஒப்படைப்பைப் பதிவு செய்யலாம். பதிவானதும், வண்டி வேறு ஒருவருக்கு விற்கப்படும் வரை சட்டத்தின் பார்வையில் டீலரே உரிமையாளர். அதன் பிறகு என்ன நடந்தாலும் பொறுப்பு அவருடையது. ஆகவே எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் கேட்க வேண்டியது, "உங்களுக்கு 29பி அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறதா? 29சி பதிவு செய்து தருவீர்களா?" என்பதுதான். இருக்கிறது என்றால், மேலே சொன்ன கணக்கில் 4,000 ரூபாய் குறைந்தாலும் ஷோரூமிலேயே கொடுப்பது நல்லது. இல்லை என்றால், வெளியில் தெரிந்த ஒருவருக்கே விற்று, அவரையே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப் போய்ப் பெயர் மாற்றி முடிப்பது பாதுகாப்பு.

பழைய வண்டி டியூவில் எடுத்ததென்றால் இன்னொரு தடை இருக்கும். கடன் முடிந்து வருடங்கள் ஆனாலும், ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே நிற்கலாம். கம்பெனியின் என்.ஓ.சி.யும், அவர்களும் கையெழுத்திட்ட படிவம் 35ம் கொடுத்து அதை நீக்கினால்தான் பெயர் மாறும். முகாம் அன்று காலையில் இதைக் கவனித்தால் பயனில்லை. அந்தக் கடிதம் வரச் சில நாட்கள் பிடிக்கும்.

இன்சூரன்ஸிலும் ஒரு சிறு தொகை விட்டுப்போகும். ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் எதுவும் வாங்காதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. நோ கிளெய்ம் போனஸ் என்ற அந்தத் தள்ளுபடி வண்டியோடு போவதில்லை, ஆளோடு வரும். வண்டியைக் கொடுத்த சான்றுடன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால், மூன்று வருடத்துக்குள் புது டூவீலருக்கு அதைப் பயன்படுத்தலாம். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டுமே போட்டு வந்தவர்களுக்கு இது பொருந்தாது.

இவ்வளவையும் ஒரு நோட்டீஸில் எழுத முடியுமா? முடியும். நேர்மையான ஷோரூம் ஒன்று இப்படி எழுதலாம்:

"டெஸ்ட் ரைடு முகாம்: அக்டோபர் 10, 11, சனி, ஞாயிறு, காலை 9 முதல் மாலை 6 வரை. சலுகை அக்டோபர் 31க்குள் பில் போடும் வண்டிகளுக்கு. ரைடுக்கு ஓட்டுநர் உரிமம் (ஒரிஜினல் அல்லது டிஜிலாக்கர்), ஹெல்மெட். எக்ஸ்சேஞ்சுக்கு ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், ஆதார், கடன் வண்டி என்றால் என்.ஓ.சி., படிவம் 35. எக்ஸ்சேஞ்ச் போனஸ் 5,000 ரூபாய், பழைய வண்டி விலைக்கு மேல். வேறு தள்ளுபடியுடன் சேராது. ஒப்படைத்த அன்றே 29சி பதிவு செய்து தரப்படும்."

ஒரு வாட்ஸ்அப் படத்தில் அடங்கிவிடும் அளவுதான் இது. இப்படி எழுதாத நோட்டீஸ் வந்தால், விடுபட்டதைப் போனிலேயே கேட்டுவிடலாம். பழைய வண்டியை ஒப்படைக்கும்போது தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் மூன்றும் எழுதி, ஷோரூம் முத்திரையோடு ஒரு டெலிவரி ரசீது வாங்க வேண்டும். நிரப்பிய படிவங்களையும், வண்டியை எடுத்துக்கொள்பவரின் அடையாள அட்டையையும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. ஒரு மாதம் கழித்துப் பரிவாஹன் தளத்தில் பழைய நம்பரைப் போட்டுப் பார்க்க வேண்டும். உரிமையாளர் பெயரின் எல்லா எழுத்துகளும் அங்கே தெரியாது. ஆனாலும் பெயர் மாறிவிட்டதா என்று கண்டுகொள்ளும் அளவுக்குத் தெரியும். மாறவில்லை, 29சியும் பதிவாகவில்லை என்றால், டெலிவரி ரசீதின் நகலோடு பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.