திரும்பி வந்த இரண்டு காசோலைகள்

அப்பா எழுதிக் கொடுத்த இரண்டு காசோலைகள் ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. ஒன்று வீட்டு வாடகை 14,000 ரூபாய், இன்னொன்று மருந்துக்கடைக்கு 6,500. கணக்கில் போதிய பணம் இருந்தது. வீட்டுக்காரர் தன் வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோவைக் காட்டினார். காரணம் 12 என்று இருந்தது. கையெழுத்து வேறுபடுகிறது என்பதற்கான எண் அது. பணம் போதவில்லை என்றால் 01 இருந்திருக்கும். இந்த எண்ணை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பரிகாரம் இரண்டுக்கும் வேறு.

“முப்பது வருஷமா என்னைத் தெரியும் அவங்களுக்கு, நான் போட்ட கையெழுத்தையே மாத்தம்னு சொல்றாங்களேம்மா” என்றார் அப்பா. அவருக்கு அது அவமானமாகவே இருந்தது. ஆனால் தெரிந்தவர் யாரும் அந்தக் காசோலையைப் பார்க்கவில்லை. இப்போது காசோலைத் தாள் ஊர் ஊராகப் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. பல வங்கிகளில் எங்கோ ஒரு மைய அலுவலகத்தில், முகம் தெரியாத ஒருவர் அந்தப் படத்தையும் பதிவிலுள்ள மாதிரிக் கையெழுத்தையும் திரையில் ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவருக்குச் சந்தேகம் வந்தால் திருப்பித்தான் ஆக வேண்டும். போலிக் கையெழுத்துக்குப் பணம் கொடுத்துவிட்டால், அந்த நஷ்டம் பொதுவாக வங்கியின் தலையில்தான் விழும்.

வங்கியில் இருந்தது 1994-இல் கணக்குத் தொடங்கியபோது போட்ட கையெழுத்து. முழுப் பெயரும் தமிழில், கடைசி எழுத்தின் கீழே ஒரு நீண்ட கோடு. காலப்போக்கில் பெயர் பாதியாகச் சுருங்கிவிட்டது. கை நடுங்கத் தொடங்கிய பிறகு கோடும் போய்விட்டது. பழையதைப் பார்த்து அதேபோல் எழுதிப் பழக அப்பா முயன்றார். அது வேண்டாம் என்று நான் தடுத்தேன். தயங்கித் தயங்கி வரைந்த கோடு போலியைப் போலவே தெரியும், மறுபடியும் திரும்பும். இன்று கை இயல்பாக எப்படிப் போடுகிறதோ, அதைப் பதிவில் ஏற்றுவதுதான் வழி.

கணக்கு இருக்கும் கிளைக்கே அவரை அழைத்துப் போனேன். ஆதார், பான் அட்டை, பாஸ்புக், ஒரு புகைப்படம் கையில் இருந்தன. படிவத்தில் கணக்கு எண், மாற்றத்துக்கான காரணம், பழைய கையெழுத்து, புதிய கையெழுத்து ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். பழையது அப்பாவுக்கு வரவில்லை. அதிகாரி அடையாள அட்டைகளைச் சரிபார்த்து, சில கேள்விகள் கேட்டு, புதியதைத் தன் முன்னாலேயே போடச் சொல்லி, அதன் அடியில் தானும் கையெழுத்திட்டார். இந்த இடத்தில் சில வங்கிகள் உறுதிமொழிப் பத்திரம் கேட்பதுண்டு. கூட்டுக் கணக்கானால் மற்றவரையும் வரச் சொல்லலாம். போன் செய்து கேட்டுக்கொண்டு போனால் ஓர் அலைச்சல் மிச்சம்.

படிவம் கொடுக்குமுன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதிய கையெழுத்து ஏறியதும் பழையது பதிவிலிருந்து போய்விடும். முன்பே கொடுத்து, இன்னும் வங்கிக்குப் போகாத காசோலைகள் வெளியே இருந்தால், அவை அதன்பின் திரும்பும் ஆபத்து உண்டு. காசோலை தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும் என்பதால், கடந்த மூன்று மாத அடிக்கட்டைகளைப் புரட்டினோம். வரும் மாதங்களின் தேதியிட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்த மூன்று காசோலைகள் தெரியவந்தன. அவற்றை வாங்கிவிட்டுப் புதியவை தருவதாக அப்பா அவரிடம் சொல்லி வைத்தார். அதே வங்கியிலுள்ள லாக்கருக்கும் வைப்புத்தொகைக்கும் கையெழுத்து தனியே பதிவாகியிருக்கலாம் என்பதால் அவற்றையும் மனுவில் எழுதினோம்.

திரும்பிய காசோலைக்கான பணத்தைத் தள்ளிப்போடவே கூடாது. கையெழுத்து வேறுபாட்டால் திரும்பினாலும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. பணம் வர வேண்டியவர், காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்குக்கு இடமில்லை. நாங்கள் இருவருக்கும் மறுநாளே பணத்தை வங்கி மூலம் அனுப்பி, ரசீதை மெமோவோடு சேர்த்து வைத்தோம்.

கை இன்னும் தளர்ந்து கையெழுத்தே வராமல் போனால் என்ன செய்வது என்று அப்பா அதிகாரியிடம் கேட்டார். ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்றார் அவர். ரிசர்வ் வங்கியின் விதி அது.

சில நாள் கழித்து மறுபடியும் கிளைக்குப் போய், திரையில் ஏறியிருக்கும் கையெழுத்தைக் காட்டச் சொன்னோம். கோடில்லாத, பாதிப் பெயர் மட்டும் உள்ள புதிய கையெழுத்து தெரிந்தது. அதன்பிறகே வீட்டுக்காரருக்கு அப்பா அடுத்த மாத வாடகைக் காசோலையை எழுதினார். அது திரும்பவில்லை.