செலவு ஏறியும் விலை ஏன் அசைவதில்லை?

சில பெரிய நிறுவனங்கள் மட்டுமே விற்கும் சந்தை, சில்லோர் முற்றுரிமைச் சந்தை. அங்கே விலை அடிக்கடி மாறாததற்கு அமெரிக்கப் பொருளியலாளர் பால் ஸ்வீசி 1939இல் தந்த விளக்கமே முறிவுத் தேவைக்கோடு. ஒரு நிறுவனம் விலையை உயர்த்தினால் போட்டியாளர்கள் பின்தொடர மாட்டார்கள். வாடிக்கையாளர்கள் அவர்களிடம் போய்விடுவார்கள். விலையைக் குறைத்தாலோ அவர்களும் குறைப்பார்கள். விற்பனை அதிகம் கூடாது. அதனால் நடப்பு விலையில் தேவைக்கோடு முறிகிறது.

ஒரு நிறுவனம் 20 ரூபாய் விலையில் 100 சோப்புகள் விற்பதாகக் கொள்வோம். முறிவுக்கு மேலே தேவை நெகிழ்ச்சி 2.5, கீழே 1.25 என்றால், 100ஆவது சோப்பில் இறுதிநிலை வருவாய் 12 ரூபாயிலிருந்து 4 ரூபாய்க்குச் செங்குத்தாக விழும். இறுதிநிலைச் செலவும் வருவாயும் சந்திக்கும் இடத்தில்தான் லாபம் உச்சம். செலவு 6 ரூபாயிலிருந்து 10 ரூபாயானாலும், செலவுக்கோடு அந்த இடைவெளியையே வெட்டுகிறது. ஆகவே விலையும் அளவும் மாறாது; லாபம் மட்டும் குறையும். செலவு 12 ரூபாயைத் தாண்டினால் விலை உயரும்.

முதலில் 20 ரூபாய் எப்படி அமைந்தது என்பதை இக்கோட்பாடு விளக்குவதில்லை. விலையேற்றத்தைப் போட்டியாளர்கள் பின்தொடர்ந்த நிகழ்வுகளை ஜார்ஜ் ஸ்டிக்லர் 1947இல் எடுத்துக்காட்டினார். செலவு உயர்வு எல்லா நிறுவனங்களையும் ஒருசேரத் தாக்கும்போது இவ்விளக்கம் வலுவிழக்கிறது.