மேகக் கணிமைச் சேவைத் தணிக்கை

மேகக் கணிமைச் சேவைத் தணிக்கை என்பது, ஒரு நிறுவனம் தன் தரவையும் மென்பொருட்களையும் வேறொரு நிறுவனத்தின் தரவு மையத்தில் வைத்து இயக்கும்போது, அவற்றுக்கான பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் முறையாக அமைந்து செயல்படுகின்றனவா என்று சான்றுகளைக் கொண்டு ஆராய்வதாகும். நிறுவனத்தின் சொந்தக் கணினி அறையைத் தணிக்கையாளர் நேரில் சென்று பார்க்கலாம். மேகக் கணிமையில் அந்த அறை சேவை வழங்குநருக்கு உரியது; வாடிக்கையாளரின் தணிக்கையாளருக்குப் பொதுவாக அங்கு அனுமதி இல்லை. எனவே இத்தணிக்கை இரு பகுதிகளைக் கொண்டது. வழங்குநரின் பகுதிக்கு, வேறொரு தணிக்கை நிறுவனம் ஆராய்ந்து அளித்த அறிக்கை படிக்கப்படுகிறது. வாடிக்கையாளரின் பகுதி நேரடியாகச் சோதிக்கப்படுகிறது. முதல் பகுதியில் குறை இல்லாதபோதும் இரண்டாம் பகுதியில் பெரும் இழப்பு நேரலாம் என்பதற்கு 2019 ஆம் ஆண்டின் கேப்பிடல் ஒன் வங்கித் தரவுக் கசிவு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

## பகிரப்பட்ட பொறுப்பு

வழங்குநரும் வாடிக்கையாளரும் பாதுகாப்புப் பணிகளைப் பிரித்துக்கொள்வது பகிரப்பட்ட பொறுப்பு எனப்படுகிறது. பிரிக்கும் கோடு எல்லாச் சேவைகளுக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மெய்நிகர் கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்தால், கட்டடம், மின்சாரம், வன்பொருள் ஆகியவை வழங்குநரின் பொறுப்பு. இயக்குதளத்தை இற்றைப்படுத்துவது வாடிக்கையாளரின் பொறுப்பு. வழங்குநரே பராமரிக்கும் தரவுத்தளச் சேவையில் இற்றைப்படுத்தலும் வழங்குநரிடம் போய்விடுகிறது. இணையவழி மின்னஞ்சல் சேவையில் மென்பொருள் முழுவதும் வழங்குநருடையது. ஆனால் யாருக்குக் கணக்கு தருவது, எந்தத் தரவை யார் பார்க்கலாம் என்ற முடிவு மூன்றிலும் வாடிக்கையாளரிடமே உள்ளது.

தணிக்கையின் முதல் வேலை, ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் உரியவரை எழுதி ஒரு பட்டியல் தயாரிப்பது. குறைகள் பெரும்பாலும் இரு தரப்பும் பங்குபெறும் வரிசைகளில் வெளிப்படும். காப்புநகல் எடுக்கும் வசதியைத் தருபவர் வழங்குநர். அதை இயக்குவதும், நகலிலிருந்து தரவு மீண்டும் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் பல சேவைகளில் வாடிக்கையாளரின் வேலை. "அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற விடை வரும் இடத்தில் தணிக்கையாளர் ஒப்பந்தத்தையும் சேவையின் ஆவணத்தையும் கேட்டுப் பெறுகிறார்.

## வழங்குநரின் உறுதியறிக்கை

பரவலாகப் பயன்படும் உறுதியறிக்கை எஸ்ஓசி 2 எனப்படுவது. இதற்கான வரையறைகளை அமெரிக்கச் சான்றளிக்கப்பட்ட பொதுக் கணக்காளர் நிறுவனம் வகுத்துள்ளது. இதில் முதல் வகை அறிக்கை, கட்டுப்பாடுகள் குறிப்பிட்ட ஒரு நாளில் தகுந்தவாறு வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்று மட்டும் கூறும். இரண்டாம் வகை, அவை ஒரு காலப்பகுதி முழுவதும் உண்மையில் செயல்பட்டனவா என்பதைச் சோதனை முடிவுகளுடன் கூறும். தணிக்கைக்கு இரண்டாம் வகையே அதிகம் பயன்படும்.

அறிக்கை இருக்கிறது என்று குறித்துக்கொள்வது போதாது. வாடிக்கையாளர் பயன்படுத்தும் சேவை அறிக்கையின் எல்லைக்குள் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது காலம். அறிக்கை செப்டம்பர் 30 உடன் முடிந்து, தணிக்கைக் காலம் மார்ச் 31 வரை இருந்தால் இடையே ஆறு மாதங்கள் விடுபடுகின்றன. இதை நிரப்ப வழங்குநர் தரும் இணைப்புக் கடிதம் அவருடைய சொந்தக் கூற்றே; அதை எவரும் தணிக்கை செய்யவில்லை. பின்னர், சோதனையில் விலகல்கள் பதிவாகியிருந்தால் அவை வாடிக்கையாளர் நம்பியிருக்கும் கட்டுப்பாடுகளைத் தொடுகின்றனவா என்று ஆராயப்படுகிறது.

பலர் படிக்காமல் கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. வழங்குநரின் கட்டுப்பாடுகள் பயன் தருவதற்கு வாடிக்கையாளர் தம் பக்கத்தில் செய்திருக்க வேண்டியவை அதில் பட்டியலிடப்பட்டிருக்கும். அறிக்கையின் முடிவு, இவை நிறைவேறியுள்ளன என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. தணிக்கையாளருக்கு இப்பட்டியலே இரண்டாம் பகுதியின் தொடக்கப் புள்ளி.

## கேப்பிடல் ஒன் நிகழ்வு

அமெரிக்க வங்கியான கேப்பிடல் ஒன், அமேசான் வலைச் சேவைகளில் கடன் அட்டை விண்ணப்பத் தரவை வைத்திருந்தது. 2019 மார்ச்சில் வெளியாள் ஒருவர் அதைப் படியெடுத்தார். அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடி பேரும் கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேரும் பாதிக்கப்பட்டதாக வங்கி சூலை மாதம் அறிவித்தது.

நுழைவு வழி, வங்கி தவறாக அமைத்திருந்த ஒரு வலைச் செயலித் தீச்சுவர். மெய்நிகர் கணினி ஒவ்வொன்றும் 169.254.169.254 என்ற உள்முகவரியில் கேட்டுத் தன் பணிக்கான தற்காலிகச் சாவிகளைப் பெறலாம். வெளியிலிருந்து வந்த கோரிக்கையைத் தீச்சுவர் அந்த முகவரிக்குக் கடத்தியதால், அதன் சாவிகள் வெளியாளின் கைக்குச் சென்றன. தீச்சுவருக்குத் தேவையே இல்லாத உரிமையும் அச்சாவிகளுக்கு இருந்தது: சேமிப்பகங்களைப் பட்டியலிட்டு அவற்றின் கோப்புகளைப் படிக்க முடிந்தது. தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தும், பெற்ற அணுக்கத்தின் வழியே அது விடுவிக்கப்பட்டது.

பதிவேடுகளில் இச்செயல்களின் தடங்கள் இருந்தன. ஆயினும் வங்கி இதை அறிந்தது, நான்கு மாதங்களுக்குப் பின் சூலை 17 அன்று வெளியாள் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலால்தான். வழங்குநரின் அடிப்படைக் கட்டமைப்பு ஊடுருவப்படவில்லை. தரவு மையத்தின் பூட்டு, வன்பொருள் பற்றிய எந்த உறுதியறிக்கையும் வங்கியின் தீச்சுவர் அமைப்பைக் காட்டியிருக்காது.

2020 ஆகத்தில் அமெரிக்க வங்கி ஒழுங்காற்று அமைப்பான நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் வங்கிக்கு 8 கோடி டாலர் தண்டம் விதித்தது. மேகத்துக்கு மாறும் முன் இடர் மதிப்பீட்டை வங்கி முறையாகச் செய்யவில்லை என்றும், அங்கிருந்த பல கட்டுப்பாட்டுக் குறைகளை வங்கியின் உள்தணிக்கை கண்டறியவில்லை என்றும் அதன் ஆணை கூறியது.

## வாடிக்கையாளர் அமைப்புகளைச் சோதித்தல்

இந்நிகழ்வின் ஒவ்வொரு படியையும் தணிக்கைக் கேள்வியாக மாற்றலாம். அமேசான் 2019 நவம்பரில் மேற்கண்ட உள்முகவரிச் சேவைக்கு இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அதில் சாவி கேட்கும் முன் தனியே ஓர் அடையாள வில்லையைப் பெற வேண்டும் என்பதால், கோரிக்கையை வெறுமனே கடத்துவது பெரும்பாலும் பலிக்காது. ஆனால் பழைய பதிப்பு ஏற்கெனவே இயங்கிய கணினிகளில் தானாக நிற்கவில்லை. அதை நிறுத்துவது வாடிக்கையாளரின் வேலை. நிலையை இக்கட்டளை காட்டும்:

```
aws ec2 describe-instances \
  --query "Reservations[].Instances[].[InstanceId,MetadataOptions.HttpTokens]" \
  --output table
```

`required` என்று வந்தால் புதிய பதிப்பு கட்டாயம். `optional` என்று வந்தால் பழைய வழி இன்னும் திறந்துள்ளது. கட்டளை ஒரு கணக்கின் ஒரு வட்டாரத்தை மட்டுமே காட்டும் என்பதால் பயன்பாட்டில் உள்ள ஒவ்வொன்றிலும் இயக்க வேண்டும்.

அடுத்து, அந்தக் கணினிகளுக்குத் தரப்பட்ட உரிமைகள் படிக்கப்படுகின்றன. `s3:GetObject` போன்ற உரிமைக்கு எதிரே `"Resource": "*"` என்று இருந்தால், அது எல்லாச் சேமிப்பகங்களுக்கும் பொருந்தும். மறையாக்கம் உண்டா என்று மட்டும் கேட்காமல், மறைவிலக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பதிவேடு. அமேசானின் கிளவுட்டிரெயில், சேமிப்பகங்களைப் பட்டியலிடுதல் போன்ற மேலாண்மைச் செயல்களை இயல்பாகவே பதியும். தனிக் கோப்புகள் படிக்கப்படுவதை, அதற்கென அமைத்தால்தான் பதியும். பதிவு இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து எழுந்த எச்சரிக்கை ஒன்றையும், அதை யார், எப்போது பார்த்து என்ன செய்தார் என்பதையும் தணிக்கையாளர் கேட்கிறார்.

## வரம்புகள்

கட்டளையின் விடை, அது இயக்கப்பட்ட கணத்தின் நிலையை மட்டுமே காட்டும். தணிக்கைக்கு முந்தைய நாள் அமைப்பைத் திருத்தி, மறுநாள் பழையபடி மாற்றவும் இயலும். ஆகவே காலப்பகுதி முழுவதற்கும் கருத்துரைக்க, அமைப்பு மாற்றங்களின் வரலாறும் மாற்ற ஒப்புதல்களும் ஒப்பிடப்படுகின்றன. இந்த வரலாற்றைச் சேமிக்கும் வசதியையும் வாடிக்கையாளரே முன்கூட்டி இயக்கியிருக்க வேண்டும். இல்லையெனில் அந்தக் காலத்துக்கான சான்றைப் பின்னர் உருவாக்க முடியாது. தணிக்கையாளர் அதையே ஒரு குறையாகப் பதிவு செய்கிறார்.