சொல்லாமல் விட்ட இடத்தில் வந்து நிற்கும் முகம்

கண்டி நகரில் அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர், தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான சிறு பிரசுரம் ஒன்றின் அட்டைக்குச் சித்திரம் வேண்டி, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்து, வந்த நான்கு படங்களையும் வரிசையாக எனக்குக் காட்டினார்.

```
woman tea picker, Kandy, Sri Lanka
```

நான்கிலும் இருபது வயது மதிக்கத்தக்க, மாசுமறுவற்ற முகமுடைய ஒரே யுவதி; புதுச் சேலை, முதுகில் கூடை, பின்னால் பொன் வெயில், நம்மை நோக்கிய புன்னகை. "நம்ம மலையில இப்படி ஒரு ஆளைக் கண்டிருக்கீங்களா?" என்று நண்பர் கேட்டார். ஹந்தானையிலும் தெல்தோட்டையிலும் நாம் காணும் பெண்களோ, இடுப்பில் படங்கு கட்டி, வெளிறிய சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்தி, தூறலில் நனைந்தபடி கொழுந்து பறிக்கும் நடுவயதினர்.

இதில் யந்திரத்துக்குத் துவேஷம் ஒன்றும் இல்லை. 2022இல் வெளியான லாயன்-5பி என்னும் தொகுதியில், இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடிப் படங்களின் இணைப்புகள், அவற்றோடு இருந்த எழுத்துக் குறிப்புகளுடன் அடங்கியிருந்தன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் முதலிய செயலிகள், எந்தச் சொல்லோடு எந்தத் தோற்றம் அடிக்கடி சேர்ந்து வருகிறது என்பதை இத்தகைய தொகுதிகளிலிருந்தே கற்றன. கண்டியைப் பற்றி இணையத்தில் படம் ஏற்றியவர்களில் உல்லாசப் பிரயாணிகளும் தேயிலை விற்பவர்களும் மிகுதி. 1870களிலேயே சார்ல்ஸ் ஸ்கோவன் கண்டியில் படப்பிடிப்பு நிலையம் வைத்து, இம்மலைநாட்டின் மனிதரையும் காட்சிகளையும் வெளியூரார் வாங்கிச் செல்லும் படங்களாக்கினார். வாங்குபவரின் கண்ணுக்காக மனிதரை நிறுத்தும் அந்தச் சம்பிரதாயம் விளம்பரத் தாள்களின் வழியாக இன்றுவரை நீண்டு வந்திருக்கிறது. இதற்கு மேல், அழகானவை என்று மதிப்பெண் பெற்ற படங்களைத் தனியே பொறுக்கிப் பயிற்சி அளிப்பதும், கேட்ட சொல்லுக்கு மிகவும் பொருந்தும் தோற்றத்தை நோக்கி ஒவ்வொரு படத்தையும் இழுத்துச் செல்லும் அமைப்பும் சேர்வதால், மூலத்தில் பெரும்பான்மையாய் இருந்தது முடிவில் ஏறக்குறைய முழுமையாகிவிடுகிறது. நாம் சொல்லாமல் விட்ட வயது, உடை, வானிலை ஆகிய வெற்றிடங்களை எல்லாம் அந்தப் பெரும்பான்மையே வந்து நிரப்புகிறது.

ஆகையால் பரிகாரம், வெற்றிடங்களை நாமே நிரப்புவதுதான். நண்பர் முதலில் "தமிழ்ப் பெண்" என்ற சொல்லைச் சேர்த்தார். சேலையும் பொட்டும் இன்னும் பிரகாசமாயினவே அன்றி வேறு மாற்றம் இல்லை. இனப்பெயர் என்பது கண்ணுக்குத் தெரியும் லட்சணம் அல்ல; அது மற்றொரு வாடிக்கைத் தோற்றத்தைத்தான் அழைத்து வரும். பிறகு, பிரத்தியட்சமாகக் காணக்கூடியவற்றை மட்டும் எழுதினோம்.

```
photo, lean dark-skinned woman of 55, grey hair,
faded long-sleeved shirt, plastic sheet tied at waist,
weighing green leaves under a tin roof,
eyes on the scale, drizzle, flat grey light
```

இம்முறை வந்த நான்கு பெண்களுக்கும் நான்கு முகங்கள் இருந்தன. நரையும் கன்னத்துச் சுருக்கமும் தெரிந்தன. இங்கே இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். "கூடை வேண்டாம்" என்று எழுதினால் கூடை என்னும் சொல்லே கூடையைக் கொண்டுவந்துவிடக்கூடும். "கமராவைப் பார்க்காமல்" என்பதைக் காட்டிலும் "பார்வை தராசின் மேல்" என்பதே பலிக்கும். தேயிலை என்ற சொல்லோடு கூடை பிரியாமல் ஒட்டியிருப்பதால், அந்தச் சொல்லையே விலக்கி, பச்சை இலை என்று எழுதினோம்.

எல்லையும் உண்டு. பழைய செயலிகள் சில, ஏறத்தாழ 75 சொல்துண்டுகளுக்கு மேற்பட்டதைப் படிப்பதே இல்லை. ஆதலால் முக்கியமானது முதலில் வரவேண்டும். ஒரே வரியில் பத்துப் பேரைக் கேட்டால் அநேகமாக ஒரே முகம் பத்துத் தடவை வரும். கண்டி பஸ் நிலையத்துக் கூட்டம் வேண்டுமானால் ஒவ்வொருவரையும் தனித்தனியே விவரித்துத்தான் ஆக்கவேண்டும். அன்றியும், விவரத்தைச் செயலியே மறைவாகச் சேர்ப்பதும் விபரீதமாகலாம்: 2024 பெப்ரவரியில் கூகுளின் ஜெமினி, சரித்திரப் படங்களில் கூடப் பொருந்தாத பல இனத்தாரைப் புகுத்தியதால், மனிதர்களை வரையும் வசதியையே அந்நிறுவனம் நிறுத்திவைக்க நேர்ந்தது. எந்த விவரம் எங்கே பொருந்தும் என்பதை, இடத்தை அறிந்தவரே சொல்ல முடியும்.

ஒரு வரியைச் சோதிக்க எளிய வழி, அதே வரிக்கு நான்கு படங்கள் எடுத்து, கேட்காமலே நான்கிலும் திரும்ப வந்தது எது என்று பார்ப்பது; நாம் சொல்ல மறந்தது அதுவே. எங்களுடைய நான்கிலும் படங்கு ஒரு மெல்லிய சமையல் ஏப்ரனாகவே விழுந்திருந்தது. அச்சகத்தில் தாள் மடிக்கும் பெண்ணின் தாய் இன்றும் மலையேறுகிறவள்; அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "படங்கு இப்படித் தொங்காதுங்க. முழங்காலுக்குக் கீழ வரைக்கும் சுத்தி, கயித்தால இறுக்கிக் கட்டணும். செடி கீறுமே." அடுத்த வரியை அவள் சொல்லச் சொல்ல நண்பர் எழுதினார்.