நெத்திலி கருவாடாகும் கணக்கு

மாணவர்களே, நம் நந்திதுர்க்கிலிருந்து கடல் நெடுந்தொலைவு. ஆயினும் கருவாட்டுக் குழம்பின் மணம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. உலர்ந்த மீன் பனிக்கட்டியின்றியே உள்நாட்டுக்குப் பயணம் செய்யும். சங்க இலக்கியம் இதனை ‘உணங்கல்’ என்று கூறும்.

இராமேசுவரம் கடற்கரையில் ஒரு மீனவக் குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். பிடித்த மீனை அன்றே பச்சையாக விற்பதே அவர்கள் வழக்கம். ஒருநாள் வலையில் 100 கிலோ நெத்திலி விழுந்தது. எல்லாப் படகுகளிலும் மீன் மிகுந்ததால் விலை கிலோ 40 ரூபாயாகச் சரிந்தது. அவர்கள் 60 கிலோவை விற்றுவிட்டு, 40 கிலோவை உலர்த்த எண்ணினர்.

நெத்திலியில் முக்காற்பங்குக்கு மேல் நீரே உள்ளது. ஆகவே 40 கிலோ மீன் உலர்ந்தால் ஏறத்தாழ 10 கிலோ கருவாடே கிடைக்கும். கருவாடு கிலோ 300 ரூபாய்க்கு விற்றால் வரவு 3000 ரூபாய். பச்சையாக விற்றிருந்தால் 1600 ரூபாய். பச்சை மீனின் விலை 100 ரூபாயாக இருந்திருந்தால்? 4000 ரூபாய் தரும் மீனை உலர்த்தி 3000 ரூபாய் பெறுவது இழப்பன்றோ? பச்சை மீன் விலையைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கருவாடு விற்றால்தான் உலர்த்துவது பயன்தரும். உப்புக்கும் உழைப்புக்கும் ஆகும் செலவும் அதில் அடங்க வேண்டும்.

உலர்த்தும் முறையும் விலையை மாற்றும். வயிறு வெடித்த மீன் கெடத் தொடங்கியது. அதனை உப்பு காப்பாற்றாது. நல்ல மீனைத் தூய நீரில் அலசி, உப்புநீரில் சிறிது நேரம் ஊறவைத்து, நீரை வடிப்பர். பிறகு வெறும் மணலில் பரப்பாமல், இடுப்பளவு உயரத்தில் பரண் கட்டி, அதன்மேல் வலையை விரித்துப் பரப்புவர். கீழிருந்தும் காற்று வீசுவதால் மீன் விரைவில் உலரும், மணலும் ஒட்டாது. உண்ணும்போது பல்லில் நறநறக்கும் கருவாட்டை யார் விரும்புவார்?

முதல் சில மணி நேரமே இடர் மிகுந்தது. ஈரமான மீனில் ஈ முட்டையிட்டால் பின்னர்ப் புழு தோன்றும். மாலையில் பனி படியாமல் மீனை எடுத்து வைக்க வேண்டும். நன்கு உலர்ந்த நெத்திலி, வளைத்தால் ‘படக்’கென ஒடியும், வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் உண்டு. அதனைப் பையில் கட்டினால் சில நாள்களில் பூஞ்சை பிடிக்கும். சூடு ஆறும் முன் கட்டினாலும் அப்படியே.

வடகிழக்குப் பருவமழை நாள்களில் பரணும் பயன்படாது. அந்நாள்களுக்கென, மூடிய அறைக்குள் வெப்பக் காற்றைச் செலுத்தி உலர்த்தும் கருவிகளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்துள்ளது.

மற்றொரு தடை பணம். படகுக்கும் வலைக்கும் வணிகரிடம் முன்பணம் வாங்கிய குடும்பம், பிடித்த மீன் முழுவதையும் அவரிடமே கொடுக்க நேரிடும். அத்தகைய வீட்டில் பரண் இருந்தும், அதில் பரப்ப மீன் இராது.