ராத்திரி விழிப்புக்கு என்ன கணக்கு?

பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பைப் பகிரச் சொல்லி உடன்பிறந்தவருக்கு எழுதும் செய்தி பெரும்பாலும் வருத்தத்தில் தொடங்கி வருத்தத்திலேயே முடிந்துவிடுகிறது. “உன்னால முடிஞ்சதைக் கொடு” என்று எழுதினால் ஒரு மாதம் பணம் வரும், மறுமாதம் நின்றுபோகும். கேட்பது எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதிக்குள் என்பது அதில் இல்லை. உடன் இருப்பவரின் உழைப்பு கணக்கிலேயே வராமல் போவது அதைவிடப் பெரிய குறை.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணத்தில் மகள் உடன் இருக்கிறார், மகன் சென்னையில். பகலில் வரும் உதவியாளுக்கு 11,000 ரூபாய், மருந்துக்கு 4,000, எட்டு முறை பிசியோதெரபிக்கு 3,200, டயப்பருக்கும் ஆட்டோவுக்கும் 1,800 என மாதம் 20,000 ஆகிறது. அம்மாவுக்கு வரும் கடை வாடகை 8,000 போக மீதி 12,000. ஆளுக்குப் பாதி என்றால் 6,000. தம்பி இதை நியாயம் என்றே நினைப்பார்.

ஆனால் இரவில் அம்மாவை மூன்று முறை புரட்டிப் படுக்கவைப்பது அக்காதான். அதற்கு ஆள் வைத்தால் 10,000 கொடுக்க வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்தால், உண்மையான சுமை 22,000; ஆளுக்கு 11,000. அக்கா 10,000-க்கு உழைத்துவிட்டதால் அவர் போட வேண்டிய பணம் 1,000, தம்பியுடையது 11,000. பெற்ற தாயைப் பார்ப்பதற்கு விலை போடுவதா என்று சிலருக்குக் கூசும். விலை போடாத வேலைதான் எளிதில் கண்ணில் படாமல் போகிறது.

செய்தி இப்படி இருக்கலாம்: “தம்பி, அம்மாவோட போன மாசச் செலவை பில்லோட அனுப்பியிருக்கேன். ராத்திரி நான் பாத்துக்கிறேன். அதையும் கணக்குல சேர்த்தா உன் பங்கு 11,000 வருது. மாசம் 5-ஆம் தேதிக்குள்ள போட முடியுமா? முடியாதுன்னா, மாசத்துல எத்தனை ராத்திரி வந்து இருப்பேன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை பேசலாம்.”

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. மாமாவும் மைத்துனியும் படிக்கும் இடத்தில் கணக்கு புகாராகிவிடும். வீடு யாருக்கு என்ற பேச்சையும் இதில் கலக்கக் கூடாது. தொலைவில் இருப்பவர் மருந்து ஆர்டர் செய்வதையும் காப்பீட்டு விண்ணப்பங்களையும் முழுதாக ஏற்றுக்கொண்டால், அந்த உழைப்பையும் அவர் பங்கில் கழிக்க வேண்டும். உதவியாள் நின்றாலோ அம்மா எழுந்து நடந்தாலோ தொகை மாறும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைத் திருத்துவது நல்லது.

பேச்சு பலிக்காவிட்டால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மகனைப் போலவே மகளும் அதில் பொறுப்பாளி. தன்னால் தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். ஒரு பிள்ளை மீது மட்டும் மனு வந்தால், அவர் மற்றப் பிள்ளைகளையும் வழக்கில் சேர்க்கலாம். ஆனால் தீர்ப்பாயம் மாதத் தொகையைத்தான் விதிக்கும்; ராத்திரி முறையைப் பிரித்துக்கொடுக்காது.