நன்றி மின்னஞ்சலில் கைவைக்கக் கூடாத வரி

நேர்முகத் தேர்வுக்கு மறுநாளுக்குள் அனுப்பும் நன்றி மின்னஞ்சலில் முதலில் சரிபார்க்க வேண்டியது பெயர். தேர்வு நடத்தியவரின் பெயர், முதலெழுத்து, பதவி மூன்றையும் அழைப்புக் கடிதத்தோடு ஒப்பிட வேண்டும். நினைவை நம்பினால் ஏமாற்றிவிடும்.

பதிப்பகம் ஒன்றில் பிழைதிருத்துநர் வேலைக்குப் போய் வந்தவரின் வரைவு இப்படி இருப்பதாகக் கொள்வோம்: “இந்த எளியேனுக்காகத் தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியதற்க்கு கோடானுகோடி நன்றிகள். பழைய கையெழுத்துப் படிகளை நீங்கள் காட்டி விளக்கியது மனதில் நிற்கிறது. என்னைவிடப் பொருத்தமானவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.”

‘ஒதுக்கியதற்க்கு’ தவறு. ‘ற்’ என்ற மெய்யை அடுத்து இன்னொரு மெய் வராது; ‘ஒதுக்கியதற்கு’ என்பதே சரி. அடுத்த சொல் ‘க’வில் தொடங்கினால் ‘ஒதுக்கியதற்குக்’ என ஒற்று மிகும். பிழைதிருத்தும் வேலைக்கு இந்த ஒரு வழுவே போதும், வாய்ப்பு கைநழுவ.

‘எளியேன்’, ‘பொன்னான’, ‘கோடானுகோடி’ மூன்றையும் எடுத்துவிடலாம். அளவு மீறிய பணிவு நடிப்பாகவே படும். ‘நேரம் ஒதுக்கியதற்கு மிக்க நன்றி’ என்றாலே போதும். கடைசி வரி பெருமையடிப்பு. ‘இந்தப் பணியில் சேர்ந்து உழைக்க விரும்புகிறேன்’ என்று மாற்றினால் ஆர்வம் குறையாது, தலைக்கனம் போய்விடும்.

நடு வரியைத் தொடக் கூடாது. வேறு யாருக்கும் அனுப்ப முடியாத வரி அது ஒன்றே. கடிதத்தின் கனிவும் அதில்தான் இருக்கிறது. சுருக்கும் வேகத்தில் பெரும்பாலும் அதுவே வெட்டுப்படுகிறது. பெறுநர் முகவரியை எல்லாம் முடிந்த பிறகு நிரப்பினால், திருத்தாத வரைவு தவறிப் போய்ச் சேராது.